கடனை அடைப்பது குற்றமன்று: ஒரு கணக்கு முடிப்பு அறிக்கையைப் படித்தல்

கடன் வாங்கியவர் காலம் தாழ்த்தினால் அபராதம் கட்டுகிறார். அதில் ஒரு நியாயம் உண்டு. அதே மனிதர் காலத்துக்கு முன்பே முழுக் கடனையும் அடைக்க முன்வந்தாலும் பணம் கேட்கிறார்கள். அதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர் ‘ஃபோர்குளோஷர் கட்டணம்’. வங்கிக்குப் போகும் எவரும் இன்று இச்சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றனர். ஆனால் இந்தச் சொல்லின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், கடன் வாங்கியவரைப் பற்றிக் கடன் கொடுப்பவர் கொண்டிருக்கும் எண்ணம் வெளிப்பட்டுவிடும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் ஃபோர்குளோஷர் என்பது கடன் கொடுத்தவரின் உரிமை. அடமானம் வைத்தவர் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறும்போது, அடமானச் சொத்தை மீட்கும் அவருடைய உரிமையை நீதிமன்றத்தின் வழியே நிரந்தரமாக அடைத்துவிடுவதே அதன் பொருள். சட்டத்தின் 67ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கடனைச் செலுத்திச் சொத்தை மீட்கும் உரிமையைச் சொல்வது 60ஆம் பிரிவு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. இந்திய வங்கி வழக்கிலோ இச்சொல் தலைகீழாகிவிட்டது. அடமானமே இல்லாத தனிநபர் கடனை, ஒரு தவணையும் தவறாதவர், கடைசிக் காசு வரை கொடுத்து முடிக்க வரும்போது, அச்செயலுக்குக் கடன் தவறியவர்மீது பாயும் நடவடிக்கையின் பெயரே இடப்படுகிறது. சொற்பொருள் மாறுவது மொழிக்கு இயல்புதான். ஆயினும் இந்த மாற்றத்தால் யாருக்கு வசதி என்று கேட்காமல் இருக்க முடியாது. மீட்பு என்று சொன்னால் கட்டணம் கேட்கக் கூச வேண்டியிருக்கும். ஃபோர்குளோஷர் என்றால் ஏதோ ஒரு மீறல் நிகழ்ந்துவிட்டதைப் போலவும், அதற்கு ஈடு கேட்பது இயல்பு போலவும் தோன்றிவிடுகிறது.

பெயரை விட்டுவிட்டுப் பொருளுக்கு வரலாம். ஹைதராபாத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிமைக்காக ரூபாய்க்கு முழுமையாக்கப்பட்டவை. தந்தையின் அறுவை சிகிச்சைக்காக 2024 அக்டோபரில் ஒரு நிதி நிறுவனத்திடம் 5,00,000 ரூபாய் தனிநபர் கடன் பெற்றார். வட்டி ஆண்டுக்கு 14 விழுக்காடு, நிலையானது. 60 மாதத் தவணை, மாதம் 11,634 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. முதல் தவணை நவம்பரில் தொடங்கியது.

ஓராண்டு கழித்து அவருக்கு ஒரு நிலுவைத் தொகை கிடைத்தது. அதில் 1,00,000 ரூபாயை அசலில் கழிக்க விரும்பினார். பகுதி முன்செலுத்தலுக்கு நிறுவனம் வைத்திருந்த நிபந்தனைகள் பழக்கமானவையே: குறிப்பிட்ட எண்ணிக்கையில் தவணைகள் முடிந்திருக்க வேண்டும், நிலுவை அசலில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, செலுத்தும் தொகைக்கு 3 விழுக்காடு கட்டணம், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆக 3,000 ரூபாயும் 540 ரூபாய் வரியும் தனியாகக் கட்டினார்.

முதல் இழப்பு இங்கேதான் நேர்ந்தது. அது எந்தக் கட்டணப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. அவர் பணம் செலுத்தியது 2025 செப்டம்பர் 15. நிறுவனம் அதை அசலில் கழித்தது அக்டோபர் 5. இடைப்பட்ட 20 நாள் அந்த ஒரு லட்சம் ‘கூடுதல் வரவு’ என்ற தலைப்பின்கீழ்ச் சும்மா கிடந்தது. பணம் நிறுவனத்தின் கையில் இருந்தது, ஆனால் அதே பணத்துக்கு அவர் 14 விழுக்காடு வட்டியும் கட்டிக்கொண்டிருந்தார். 20 நாளுக்கு அது 767 ரூபாய். கணக்கு விவர அறிக்கையில் வரவுத் தேதியையும் அசல் குறைந்த தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டுமே இது புலப்படும். ஆகவே பகுதியாகச் செலுத்துவோர், ‘இத்தொகையை இன்றைய தேதியிலேயே அசலில் கழிக்கவும்’ என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்பது நல்லது. மறுத்தால், தவணை நாளுக்கு முந்தைய வேலை நாளில் செலுத்துவது இரண்டாம் வழி.

அடுத்ததாக வருவது ஒரு தெரிவு. அசல் குறைந்தபின் மாதத் தவணையைக் குறைப்பதா, தவணைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதா? அக்டோபர்த் தவணை முடிந்தபோது நிலுவை அசல் 4,25,745 ரூபாய். ஒரு லட்சம் கழிந்து 3,25,745 ஆயிற்று. மீதமுள்ள 48 மாதங்களை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 8,901 ரூபாய் கட்டினால் போதும். எதிர்கால வட்டியில் சுமார் 31,000 ரூபாய் மிச்சம். தவணையை 11,634 ஆகவே வைத்துக் காலத்தைக் குறைத்தால், 34 தவணைகளும் 35ஆவதாக ஒரு சிறு தொகையும் கட்டிக் கடன் தீரும். மிச்சம் சுமார் 61,700 ரூபாய். செலுத்திய பணம் ஒன்றே. மிச்சம் மட்டும் ஏறக்குறைய இருமடங்காகிறது. மாதச் செலவுக்கே திண்டாடுபவருக்குத் தவணை குறைவதுதான் உதவி என்பதையும் மறுக்க முடியாது. கேள்வி அதுவன்று. இந்தத் தெரிவு வாடிக்கையாளருடையது என்பதை அவரிடம் சொல்கிறார்களா, அல்லது நிறுவனமே ஒன்றைத் தேர்ந்து கணினியில் ஏற்றிவிடுகிறதா என்பதே கேள்வி. இந்தப் பெண் கேட்டு வாங்கிக் காலத்தைக் குறைத்துக்கொண்டார்.

2026 ஜனவரி 5ஆம் தேதி பதினைந்தாவது தவணையும் கட்டியபின் நிலுவை அசல் 3,01,969 ரூபாய். குடும்ப நிலம் ஒன்று விற்றதில் அவருக்குப் பங்கு வந்தது. ஜனவரி 17 அன்று கடனை முழுவதுமாக முடிக்க முடிவுசெய்து, முடிப்பு அறிக்கை கேட்டார். வந்த அறிக்கையில் ஐந்து வரிகள். நிலுவை அசல் 3,01,969. இடைக்கால வட்டி 3,523. முன்முடிப்புக் கட்டணம் 16,079. அதன்மேல் ஜி.எஸ்.டி. 2,894. கணக்கு முடிப்புச் செலவு, வரி உட்பட, 590. மொத்தம் 3,25,055 ரூபாய்.

அறிக்கை கச்சிதமாக இருந்தது. கூட்டலில் பிழையில்லை. ஆனால் எந்தத் தொகை எதன்மேல், எத்தனை நாளுக்கு, எந்த விழுக்காட்டில் கணக்கிடப்பட்டது என்று ஓரிடத்திலும் இல்லை. இலக்கண மொழியில் சொன்னால், பயனிலைகள் வரிசையாக நின்றன, எழுவாய்கள் காணாமற் போயிருந்தன. முடிப்பு அறிக்கைகளின் பெருங்குறை இதுவே.

எழுவாய்களைத் தேடிப் பொருத்துவது கடினமன்று. இடைக்கால வட்டி என்பது கடைசித் தவணை நாளிலிருந்து முடிக்கும் நாள் வரையிலான வட்டி. ஜனவரி 5 முதல் 17 வரை 12 நாள். அசலை 14 விழுக்காட்டால் பெருக்கி 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 116 ரூபாய். 12 நாளுக்கு 1,390 ரூபாய். அறிக்கையில் இருந்த 3,523 என்பது முழு மாத வட்டி. பிப்ரவரி 5 வரை தம்மிடம் இல்லாத கடனுக்கு அவர் வட்டி கட்ட வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். இது புதிய தந்திரமும் அன்று. மாதத்தின் நடுவில் கடன் கொடுக்கப்பட்டாலோ திருப்பப்பட்டாலோ, கடன் நிலுவையில் இருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி வாங்காமல் முழு மாதத்துக்கும் வாங்கும் வழக்கத்தைத் தன் ஆய்வுகளில் கண்டதாக ரிசர்வ் வங்கியே 2024 ஏப்ரல் 29 நாளிட்ட சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறது. அது நேர்மைக்குப் பொருந்தாதது என்றும் கண்டித்திருக்கிறது. அவ்வாறு கண்ட இடங்களில் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னதாகவும் அச்சுற்றறிக்கை கூறுகிறது. ஆகவே இந்த வரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை?

முன்முடிப்புக் கட்டணத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. அவருடைய முதன்மைத் தகவல் அறிக்கையில், அதாவது கேஎஃப்எஸ் எனப்படும் தாளில், ‘நிலுவை அசலில் 4 விழுக்காடு’ என்று இருந்தது. 3,01,969இல் 4 விழுக்காடு 12,079. அறிக்கையிலோ 16,079. இடையிலுள்ள 4,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? 4 விழுக்காடு 4,000 ஆக வேண்டுமானால் அடிப்படைத் தொகை ஒரு லட்சம் கூடியிருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் அவர் பகுதியாகச் செலுத்திய அதே ஒரு லட்சம்! கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் செய்த பகுதி முன்செலுத்தல்களையும் நிலுவை அசலோடு கூட்டி அதன்மேல் கட்டணம் விதிக்கும் ஒரு விதி சில கடன் ஒப்பந்தங்களின் பொடி எழுத்தில் உண்டு. அப்படியானால் அந்த ஒரு லட்சத்துக்கு ஒருமுறை 3 விழுக்காடு கட்டியாயிற்று, மறுமுறை 4 விழுக்காடு கேட்கப்படுகிறது. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்தை ‘நிலுவை’ என்று அழைக்க எந்த மொழியிலும் இடமில்லை.

இங்கே ஒரு விதி கடன் வாங்கியவர் பக்கம் நிற்கிறது. 2024 ஏப்ரல் 15 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைத் தவணைக் கடன்கள் அனைத்துக்கும் முதன்மைத் தகவல் அறிக்கை தரப்பட வேண்டும். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதன் படிவத்தில் முன்முடிப்புக் கட்டணத்துக்கென்றே ஓர் இடம் உண்டு. அந்தத் தாளில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும், கடன் பெற்றவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல், கடன் காலத்தின் எக்கட்டத்திலும் வாங்கக்கூடாது. இந்தப் பெண்ணின் கடன் அக்டோபரில் பெற்றது, ஆகவே விதி பொருந்தும். தாளில் இருந்தது நிலுவை அசலின் 4 விழுக்காடு மட்டுமே. கூட்டிய 4,000 ரூபாயும் அதற்கான 720 ரூபாய் வரியும் அங்கே இல்லை. 590 ரூபாய்க் கணக்கு முடிப்புச் செலவும் இல்லை.

சரியான கணக்கு இப்படி அமைய வேண்டும்: அசல் 3,01,969, வட்டி 1,390, கட்டணம் 12,079, வரி 2,174. ஆக 3,17,612 ரூபாய். கேட்கப்பட்டது 3,25,055. வேறுபாடு 7,443 ரூபாய். கடன் முடிகிறது என்ற நிம்மதியில் பெரும்பாலோர் கவனியாமல் விட்டுவிடும் தொகை இது. அந்த நிம்மதியின் மேல்தான் இந்த அறிக்கைகள் எழுதப்படுகின்றன.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதைப் புறக்கணிப்பது அறமாகாது. நிலையான வட்டியில் ஐந்தாண்டுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம், அதே அளவு காலத்துக்கு வேறெங்கோ பணம் திரட்டியிருக்கிறது. கடன் இடையில் முடிந்து, அதற்குள் சந்தை வட்டியும் குறைந்திருந்தால், திரும்பி வந்த பணத்தைக் குறைந்த வட்டிக்குத்தான் மறுபடி கொடுக்க முடியும். அந்த இழப்புக்கு ஈடு வேண்டும் என்கிறார்கள். இந்த வேறுபாட்டை ரிசர்வ் வங்கியும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தனிநபர்கள் தொழில் அல்லாத நோக்கத்துக்குப் பெறும் மாறும் வட்டிக் கடன்களுக்கு முன்செலுத்தல் கட்டணமே கூடாது என்பது அதன் நிலைப்பாடு. நிலையான வட்டிக் கடன்களை அவரவர் கொள்கைக்கு விட்டுவிட்டது. தனிநபர் கடன்களில் மிகப் பெரும்பாலானவை நிலையான வட்டிக் கடன்களே. ஆகவே அந்தப் பாதுகாப்பு வீட்டுக் கடன்காரரின் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஈடுதான் என்று ஒப்புக்கொண்டே கேட்போம்: ஈடு என்றால் இழப்பின் அளவுக்கு அல்லவா இருக்க வேண்டும்? நிலுவை அசலில் 4 விழுக்காடு என்பது எந்த இழப்பையும் அளப்பதில்லை. சந்தை வட்டி ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அதே 4 விழுக்காடுதான். ஏறியிருந்தால், முன்கூட்டியே திரும்பி வந்த பணத்தை நிறுவனம் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கும். அப்போது அதற்கு இலாபம், ஆயினும் கட்டணம் உண்டு. மீதமுள்ள காலம் நான்கு ஆண்டானாலும் நான்கு மாதமானாலும் அதே விழுக்காடு.

இதே கடனில், முன்செலுத்தல் எதுவும் இல்லாமல், கடைசி ஆறு தவணைகள் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையை எண்ணிப் பார்க்கலாம். நிலுவை அசல் சுமார் 67,040 ரூபாய். கடன் கடைசி நாள் வரை ஓடினால் நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடிய வட்டி முழுவதும் சுமார் 2,765 ரூபாய். அன்றே முடிக்க வருபவரிடம் 4 விழுக்காடும் வரியும் சேர்த்துக் கேட்கப்படுவது சுமார் 3,164. வரியை நீக்கிவிட்டு, சேவைக்கட்டணத்தை மட்டும் எண்ணினாலும் 2,682. இழக்கும் வட்டியில் ஏறக்குறைய முழுவதையும் நிறுவனம் பெற்றுக்கொள்கிறது, அசலையும் ஆறு மாதம் முன்பே பெற்றுக்கொள்கிறது, அந்த அசலை மறுநாளே இன்னொருவருக்குக் கடனாகவும் கொடுக்கிறது. கடனை முடித்தவரோ காத்திருந்திருந்தால் கட்டியிருக்க வேண்டிய வட்டியைவிட அதிகமாகக் கட்டிவிட்டுப் போகிறார். இதை ஈடு என்று சொல்வது எண்களையும் சொற்களையும் ஒருசேர அவமதிப்பது. காலம் செல்லச்செல்ல விழுக்காட்டைக் குறைக்கும் நிறுவனங்களும், சில ஆண்டுகளுக்குப்பின் கட்டணமே வாங்காத நிறுவனங்களும் உண்டு. வேறு விதமாகவும் செய்ய இயலும் என்பதற்கு அவையே சான்று.

2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட முன்செலுத்தல் கட்டணங்கள் பற்றிய ஆணை ஓரடி முன்னே சென்றது. தவணைக் கடன்களில் கட்டணம் விதிப்பதானால் அது முன்செலுத்தப்படும் தொகையின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்றது. கடன் ஒப்புதல் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும், முதன்மைத் தகவல் அறிக்கை பொருந்தும் கடன்களில் அந்தத் தாளிலும், கட்டணம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும் என்றது. சொல்லப்படாததை வாங்கக்கூடாது என்றது. ஏற்கெனவே திருப்பிக் கொடுத்த தொகையைக் கூட்டிக் கணக்கிடும் பழக்கத்துக்கு அந்த முதல் வாக்கியத்தில் இடமில்லை. ஆனால் அந்த ஆணை 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கே பொருந்தும். ஹைதராபாத்துப் பெண் கடனை முடிக்க முன்வந்தது அதற்குப் பதினாறு நாள் பிந்தி, கடனை வாங்கியது அதற்குப் பதினைந்து மாதம் முந்தி. அவருக்குக் கைகொடுப்பது பழைய 2024 விதிகளே.

அவர் செய்தது எளிமையானது. தொலைபேசியில் வாதாடவில்லை. மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் எழுதினார்: வட்டி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கட்டணம் எந்தத் தொகையின்மேல், ஐந்தாவது வரி முதன்மைத் தகவல் அறிக்கையில் எங்கே இருக்கிறது. அந்தத் தாளின் நகலை இணைத்தார். நான்காம் நாள் திருத்திய அறிக்கை வந்தது. முடிப்புத் தேதி நகர்ந்ததால் அதற்குரிய நாள் வட்டி மட்டும் கூடியிருந்தது. ஏன் முதலில் அப்படி வந்தது என்பதற்கு ஒரு சொல் விளக்கமும் இல்லை. பதில் வராமலோ மறுக்கப்பட்டோ போயிருந்தால், 30 நாளுக்குப்பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிட வழி இருந்தது. கடனை முடித்தாக வேண்டிய அவசரம் இருப்பவர், ‘மறுப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டியபின்னும் முறையிடலாம். பணம் கட்டியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. நிலுவையில்லாச் சான்றைக் கையில் வாங்க வேண்டும், வங்கிக் கணக்கிலிருந்து தவணை எடுக்கும் ஆணையை நீக்க வேண்டும், ஓரிரு மாதம் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘சமரசத் தீர்வு’ என்று பதிவாகியிருந்தால், முழுத் தொகையும் கட்டியவர் குறைத்துக் கட்டியவராகக் காட்டப்படுகிறார். அதை உடனே திருத்தச் சொல்ல வேண்டும்.

ஆனால் மின்னஞ்சல் எழுதத் தெரிந்த ஒருவர் தப்பித்துக்கொள்வது தீர்வாகாது. நிதி நிறுவனங்கள் கடன் பெற்றவருடனான தகவல் தொடர்புகளை அவருக்குப் புரியும் மொழியில் நடத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நேர்மை நடைமுறை விதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. கடன் வாங்கச் சொல்லும் குறுஞ்செய்தி தமிழிலும் தெலுங்கிலும் வருகிறது. கடனை முடிக்கும் அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் எழுவாய் இல்லாத ஆங்கிலத்தில் வருகிறது. தேவையானவை மூன்றே. ஒவ்வொரு கட்டணத்துக்கும் எதிரே அதன் அடிப்படைத் தொகை, விழுக்காடு, நாட்கள் ஆகியவற்றை அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். நிலையான வட்டிக் கடனில் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். எஞ்சிய வட்டியின் ஒரு சிறு பகுதியைத் தாண்டாத வரம்பாக அது இருக்க வேண்டும், காலம் குறையக்குறையத் தானும் குறைய வேண்டும். மூன்றாவதாக, இந்தச் செயலுக்கு அதன் உண்மைப் பெயரைத் திருப்பித் தர வேண்டும். அது கடன் மீட்பு. தண்டிக்கப்பட வேண்டிய எதையும் கடனை மீட்டவர் செய்துவிடவில்லை.